பயணத்தில் கேட்பவர்களுக்கான ஒலிநூல்: தலைப்பு, வாசிப்பாளர் பெயர், நூல் குறிப்பு ஆகியவற்றைக் கடையில் பதிவேற்றும் முறை

எங்கள் சிறு பதிப்பகத்தின் முதல் ஒலிநூல் பன்னிரண்டு சிறுகதைகள் கொண்டது. மொத்தம் 6 மணி 40 நிமிடம். ஒலிப்பதிவு நன்றாகவே அமைந்தது. ஆனால் இணையக் கடையில் அது வெளியானபோது தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டிருந்தது, வாசித்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயர் இருந்தது, நூல் குறிப்போ அச்சு நூலின் பின்னட்டையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டப்பட்டிருந்தது. மூன்றையும் சரிசெய்து முடிக்க எனக்கு ஏழு வாரங்கள் ஆயின. அந்த ஏழு வாரங்களில் கற்றதை, முதன்முறையாக ஒலிநூல் பதிவேற்றப் போகும் உங்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்காக நூலின் பெயரைக் ‘கோடைக் கிணறு’ என்றும், வாசித்தவரின் பெயரைக் கு. மீனாட்சி என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் உண்மைப் பெயர்கள் அல்ல.

ஒன்றை முதலிலேயே மனத்தில் கொள்ளுங்கள். நீங்கள் எழுதப்போகும் வரிகளைப் படிப்பவர் மேசையில் அமர்ந்திருப்பவர் அல்லர். அவர் தாம்பரத்தில் மின்தொடர் வண்டிக்குக் காத்துக்கொண்டே ஒரு கையால் கைபேசியைத் தள்ளிப் பார்ப்பவர். அல்லது கார் கிளம்புவதற்கு முன் அரை நிமிடத்தில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர். கீழே வரும் படிகள் எல்லாம் அவருடைய திரையையும் அவருடைய அவசரத்தையும் மனத்தில் வைத்தவை.

1. படிவத்தைத் திறக்கும் முன் தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

நான்கு ஆவணங்கள் கையில் இல்லாமல் பதிவேற்றத்தைத் தொடங்காதீர்கள். முதலாவது, நூலாசிரியரோ அவருடைய வாரிசோ ஒலி வடிவத்துக்கு என்றே தனியாகக் கொடுத்த எழுத்துப்பூர்வ அனுமதி. அச்சு உரிமை ஒப்பந்தத்தில் ஒலி வடிவம் குறிப்பிடப்படவில்லை என்றால், அது உங்களிடம் இருப்பதாக நீங்களாகக் கருதிக்கொள்ளக் கூடாது. இரண்டாவது, அட்டை ஓவியத்தைச் சதுர வடிவில் மாற்றிப் பயன்படுத்த ஓவியரின் சம்மதம். மூன்றாவது, முகப்பு இசை சேர்த்திருந்தால் அதற்கான உரிமச் சீட்டு.

நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது வாசிப்பாளர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம். தம் பெயரைத் தமிழில் எப்படி எழுத வேண்டும், ஆங்கில எழுத்தில் எப்படி எழுத வேண்டும், நூலில் தம் பங்கு என்ன என்ற மூன்றையும் அவர் தம் கையாலேயே அதில் எழுதித் தர வேண்டும். இது வெறும் மரியாதைக்காகச் செய்வதன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 38-பி பிரிவு, நிகழ்த்துநர் தம் நிகழ்த்துதலுக்கு உரியவராக அடையாளம் காட்டப்படும் உரிமையை அவருக்குத் தருகிறது. நான் இந்தக் கடிதத்தை வாங்காமல் தொலைபேசியில் கேட்டுப் பெயரைக் குறித்துக்கொண்டேன்; முதலெழுத்தைத் தவறாகக் கேட்டிருந்தேன்.

ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பொறுத்தவரை, அச்சு நூலுக்கு வாங்கிய எண்ணை ஒலிநூலுக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எண் வேண்டும். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை isbn.gov.in தளத்தின் வழியாக இதைக் கட்டணமின்றித் தருகிறது. யாராவது பணம் வாங்கிக்கொண்டு எண் எடுத்துத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எண் வந்து சேர நாள் பிடிக்கும் என்பதால், ஒலிப்பதிவு தொடங்கும் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

எந்த வழியாகப் பதிவேற்றுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அமேசானின் ஒலிநூல் கடையான ஆடிபிளுக்குப் பதிவேற்ற உதவும் ஏ.சி.எக்ஸ். தளம் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து ஆகிய நாடுகளில் வசிப்பவர்களுக்கென அமைந்தது. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து செல்பவர் பெரும்பாலும் ஒரு விநியோகஸ்தர் வழியாகத்தான் கடைகளை அடைய முடியும். ஆயினும் அந்தத் தளத்தின் அளவுகோல்களைப் பின்பற்றிக் கோப்புகளைத் தயாரிப்பது பயனுள்ளது: அட்டை 2400க்கு 2400 படப்புள்ளி கொண்ட சதுரம், ஒரு கோப்பு 120 நிமிடத்துக்குள், மாதிரி ஒலி 1 முதல் 5 நிமிடத்துக்குள். அச்சு அட்டையைச் சதுரமாக மாற்றி எழுத்துகளைப் பெரிதாக்கித் தர எனக்கு 1,500 ரூபாய் செலவானது. அச்சு அட்டையை இருபுறமும் வெள்ளை விட்டு ஒட்டிச் சதுரமாக்குவது கைபேசித் திரையில் தலைப்பைப் படிக்க முடியாதபடி செய்துவிடும்.

2. தலைப்பு: நூலின் பெயர் மட்டும்

நான் முதலில் தலைப்புக் கட்டத்தில் எழுதியது இது:

```
கோடைக் கிணறு | Kodai Kinaru | Tamil Audiobook | சிறுகதைகள் | Full
```

தேடலில் எளிதாகக் கிடைக்கும் என்று நினைத்தேன். விநியோகஸ்தர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை எப்படியோ கடந்து சென்று கடையில் வந்தபோது, என் கைபேசியில் ‘கோடைக் கிணறு | Kodai Ki’ என்பதோடு மூன்று புள்ளிகள் விழுந்தன. காரின் திரையில் அதைவிடக் குறைவாகவே தெரிந்தது. தலைப்புக் கட்டத்தில் ‘கோடைக் கிணறு’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் போதும். ‘சிறுகதைகள்’ என்பது துணைத்தலைப்புக் கட்டத்துக்கு உரியது. மொழி, வடிவம், சுருக்கப்படாதது என்பன போன்றவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. அவற்றைத் தலைப்பில் திணித்தால் கடை அவற்றை நூலின் பெயராகவே எடுத்துக்கொள்ளும்.

தலைப்பின் எழுத்துக்கூட்டல் நான்கு இடங்களில் ஒன்றாக இருக்க வேண்டும்: அட்டை, படிவம், அச்சு நூல், ஒலிநூலின் தொடக்க அறிவிப்பு. ‘கோடைக் கிணறு’, ‘கோடைக்கிணறு’, ‘கோடை கிணறு’ ஆகிய மூன்றும் நம் கண்ணுக்கு ஒன்றுதான். தேடும் இயந்திரத்துக்கு அவை மூன்று வெவ்வேறு சொற்களாக அமையக்கூடும். எங்கள் அட்டையில் இடைவெளி இல்லை, படிவத்தில் இருந்தது. அட்டைக்கும் படிவத்துக்கும் பொருந்தவில்லை என்பதே முதல் நிராகரிப்புக்குக் காரணம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பொறியும் இருக்கிறது. யூனிகோடில் ‘கோ’ என்ற எழுத்தை இரண்டு வழிகளில் அமைக்கலாம்: ‘க’வோடு ‘ோ’ என்ற ஒரே குறி, அல்லது ‘க’வோடு ‘ே’, ‘ா’ என்ற இரண்டு குறிகள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் அச்சகத்தின் பழைய எழுத்துருக் கோப்பிலிருந்து மாற்றி எடுத்த உரையில் இரண்டாம் வகை கலந்திருக்கலாம். கைபேசி விசைப்பலகையில் தட்டுபவர் முதல் வகையைத் தேடுவார். சில கடைகளில் நூல் அவருக்கு அகப்படாது. இதைக் கண்டறிய எளிய வழி, ‘கோ’வுக்குப் பின் சுட்டியை வைத்து அழிப்பு விசையை ஒரே முறை அழுத்துவது. ‘க’ மட்டும் மிஞ்சினால் சரி. ‘கே’ மிஞ்சினால் அது இரண்டு துண்டாக இருக்கிறது. தலைப்பு, பெயர்கள், குறிப்பு எல்லாவற்றையும் `title.txt` என்ற கோப்பில் இட்டுக் கீழுள்ள பைத்தான் வரிகளாலும் சோதிக்கலாம்:

```
import unicodedata
t = open("title.txt", encoding="utf-8").read()
print(t == unicodedata.normalize("NFC", t))
```

`False` என்று வந்தால், சிக்கலான சொற்களை மீண்டும் கையால் தட்டச்சு செய்துவிடுங்கள். ‘ஔவை’ என்பதை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து ‘ஒளவை’ என்று தட்டியிருக்கும் பிழையை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

3. வாசிப்பாளர் பெயர்: ஒருவருக்கு ஒரே வடிவம்

ஒலிநூல் கேட்பவர்களில் பலர் குரலைத் தேடி வருபவர்கள். ஒரு நூலைக் கேட்டு முடித்ததும் அதே குரலில் வேறு என்ன இருக்கிறது என்று வாசிப்பாளரின் பெயரைத் தொடுவார்கள். அந்தப் பெயரின் கீழ் நூல்கள் ஒன்றுசேர வேண்டுமானால், ஒவ்வொரு நூலிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ‘கு. மீனாட்சி’, ‘கு.மீனாட்சி’, ‘மீனாட்சி கு’, ‘K. Meenakshi’ என்று நான்கு விதமாக எழுதினால், கடையின் கணக்கில் நான்கு பேர் உருவாகிவிடுவார்கள். எனவே உங்கள் வாசிப்பாளர் ஏற்கெனவே வேறு நூல்களை வாசித்திருந்தால், அங்கே அவர் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்து, அவரிடமும் உறுதிசெய்துகொண்டு, அதே வடிவத்தை இடுங்கள்.

நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாதது இங்கே தொல்லை தரும். படிவம் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டியபோது, முதலெழுத்தான ‘கு.’ என்பதை முதற்பெயரிலும் ‘மீனாட்சி’ என்பதைக் கடைசிப் பெயரிலும் இட்டேன், கடையில் ‘கு. மீனாட்சி’ என்று சரியாக வந்தது. தலைகீழாக எண்ணி, ‘மீனாட்சி, கு.’ என்று காற்புள்ளியோடு ஒரே கட்டத்தில் எழுதிவிடாதீர்கள். சில படிவங்கள் காற்புள்ளியைக் கண்டால் இரண்டு பேர் என்று பிரித்துவிடும்.

யாரை எங்கே குறிப்பிடுவது என்பதிலும் கவனம் வேண்டும். வாசிப்பாளர் கட்டத்தில் குரல் கொடுத்த மனிதரின் பெயர் மட்டுமே இருக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கூடம், ஒலித்தொகுப்பாளர், இயக்குநர் ஆகியோருக்கு அங்கே இடமில்லை. அவர்களை இறுதி அறிவிப்பிலும் நூல் குறிப்பின் கடைசி வரியிலும் குறிப்பிடலாம். ஆசிரியரே வாசித்திருந்தால் அவர் பெயரை ஆசிரியர் கட்டத்திலும் வாசிப்பாளர் கட்டத்திலும் இருமுறை இட வேண்டும்; ஒன்றில் இட்டால் மற்றொன்றைக் கடை ஊகித்துக்கொள்ளாது. இருவர் வாசித்திருந்தால் அதிக நேரம் வாசித்தவர் முதலில் வரட்டும், ஏனெனில் சிறிய திரைகளில் இரண்டாவது பெயர் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்ப்பாளருக்கும் தனிப் பங்கு உண்டு. விநியோகஸ்தர் அட்டவணைக் கோப்பாகக் கேட்டு, நூல் விவரங்களைக் கடைகளோடு பரிமாறப் பயன்படும் ஓனிக்ஸ் குறியீடுகளை இடச் சொன்னால், ஆசிரியருக்கு `A01`, மொழிபெயர்ப்பாளருக்கு `B06`, வாசிப்பாளருக்கு `E07` என்று இடுங்கள்.

4. நூல் குறிப்பு: முதல் மூன்று வரிகள்

இந்தப் படியில்தான் நான் மிகுதியாகத் தவறினேன். இதற்கே நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பின்னட்டையிலிருந்து நான் எடுத்து ஒட்டிய குறிப்பு இப்படித் தொடங்கியது: ‘தமிழ்ச் சிறுகதை உலகில் தமக்கெனத் தனியிடத்தைத் தக்கவைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியரின் நெடுநாள் உழைப்பில் உருவான இத்தொகுப்பின் 216 பக்கங்களும்…’ கைபேசியில் மூன்று வரிகள் மட்டுமே தெரிந்தன, அதற்குக் கீழே ‘மேலும்’ என்ற பொத்தான் இருந்தது. அந்த மூன்று வரிகளில் நூல் எதைப் பற்றியது என்று ஒரு சொல்கூட இல்லை. ஒலிநூலுக்குப் பக்க எண்ணிக்கை என்று ஒன்று இல்லவே இல்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், ஆங்கிலக் குறிப்பில் மூன்று வரிகளுக்குள் அடங்கும் செய்தி நமக்கு அடங்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பயணத்தில் கேட்பவர் அந்த மூன்று வரிகளில் அறிய விரும்புவது இரண்டே செய்திகள்: இது எதைப் பற்றியது, என் பயண நேரத்துக்குள் இது அடங்குமா. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மின்தொடர் வண்டியில் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகும். ஒரு கதை அந்த நேரத்தில் முடியுமா, அல்லது நாளை காலை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமா என்பது அவருக்கு உண்மையான கேள்வி. மொத்த நேரத்தைக் கடை தானாகவே காட்டிவிடும். ஒரு கதையின் நேரத்தை நீங்கள் சொன்னால்தான் உண்டு.

திருத்தி எழுதிய குறிப்பு இது:

‘கிணறு வெட்டும் குழுவோடு ஊர் ஊராகச் சென்ற ஒருவர், தாம் இறங்கிய பன்னிரண்டு கிணறுகளைப் பற்றிச் சொல்லும் பன்னிரண்டு கதைகள். ஒவ்வொன்றும் 19 முதல் 52 நிமிடம். எந்த வரிசையிலும் கேட்கலாம்.

உரையாடல்கள் விருதுநகர் மாவட்டக் கரிசல் ஊர்களின் பேச்சுவழக்கில் அமைந்தவை. அச்சு நூலின் அடிக்குறிப்புகளில் உள்ள வட்டாரச் சொற்களின் பொருளை, அந்தந்தக் கதை தொடங்கும் முன் வாசிப்பாளர் சொல்லிவிடுகிறார்.

மூன்றாவது, ஒன்பதாவது கதைகளில் விபத்து மரணங்கள் விரிவாக வருகின்றன.

சுருக்கப்படாத முழு வடிவம். வாசித்தவர்: கு. மீனாட்சி. Kodai Kinaru, Tamil short stories.’

ஒவ்வொரு பத்திக்கும் காரணம் உண்டு. வழக்குமொழியை முன்கூட்டியே சொன்னது, சாலை இரைச்சலுக்கு நடுவே பழகாத வழக்கைக் கேட்பவர் முதல் ஐந்து நிமிடத்தில் விலகிவிடாமல் இருப்பதற்காக. அடிக்குறிப்பைப் பற்றிச் சொன்னது, அச்சு நூலை ஏற்கெனவே அறிந்தவர் அதைக் கேட்பார் என்பதற்காக. மரணக் காட்சிகளைக் குறிப்பிட்டது, குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும்போது காரின் ஒலிபெருக்கியில் கேட்பவருக்காக. இதை அவர் குறிப்பிலேயே அறிந்துகொள்வது, வண்டி ஓடும்போது அவசரமாக நிறுத்துவதைவிட நல்லது.

ஆங்கில எழுத்தில் தேடுபவர்களுக்காக ஒரே ஒரு வடிவத்தைக் கடைசி வரியில் இட்டேன். ‘Kodai’ என்று தட்டினால் அது கோடையா, கொடையா, மலை ஊரா என்று தெரியாது; அதனால்தான் பக்கத்தில் ‘short stories’ என்றும் சேர்த்தேன். பத்து விதமாக எழுத்துக்கூட்டி வரிசையாக அடுக்கினால் குறிப்பு திருப்பி அனுப்பப்படலாம்.

குறிப்பை எழுதியதும் யாராவது ஒருவரை அதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வண்டி ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவர்தான் பெரும்பாலும் இதைப் படித்துக்காட்டுகிறார். படிப்பவர் ஒரு வாக்கியத்தில் மூச்சு வாங்கினால் அதை இரண்டாக உடைத்துவிடுங்கள். மெய்ப்புத் திருத்துநருக்கு இதற்காகத் தனியாக 300 ரூபாய் கொடுத்தேன். அவர் பிடித்த இரண்டு சந்திப் பிழைகளும் முதல் வரியிலேயே இருந்தன.

5. அத்தியாயப் பெயர்கள்

`Track 01`, `Track 02` என்று விட்டுவிட்டால், நேற்று எந்தக் கதையில் நிறுத்தினோம் என்று கேட்பவருக்குத் தெரியாது. ‘1. மண்கிணறு’, ‘2. படிக்கட்டு’ என்று எண்ணை முதலிலும் கதையின் பெயரை அடுத்தும் எழுதுங்கள். திரை வெட்டினாலும் எண் மிஞ்சும். நூலின் பெயரை ஒவ்வோர் அத்தியாயத்தின் முன்னும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் பூட்டுத் திரையில் பன்னிரண்டு கதைகளும் ஒரே பெயரோடு தெரியும்.

சில பழைய கார்களின் ஒலிக்கருவியில் தமிழ் எழுத்துரு இருக்காது. பெயர்கள் கட்டங்களாகத் தெரியும். அதை நம்மால் மாற்ற முடியாது. அங்கேயும் எண் மட்டும் படிக்கக் கிடைக்கும் என்பது எண்ணை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம்.

6. அட்டவணைக் கோப்பாக அனுப்புவதானால்

இரண்டு பொறிகளைச் சொல்லிவிடுகிறேன். எக்செல், பதின்மூன்று இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணை `9.78E+12` என்று சுருக்கிவிடும். அந்த நெடுவரிசையை எண் என்றல்லாமல் உரை என்று முதலிலேயே அமைத்துக்கொண்டு, பிறகு தட்டச்சு செய்யுங்கள். கோப்பைச் சேமிக்கும்போது `CSV UTF-8` என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் `CSV` என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். அவற்றை மீட்க வழியில்லை. திறந்து பார்க்கும்போது `à®` என்று தொடங்கும் குப்பை தெரிந்தால் பதறாதீர்கள். பெரும்பாலும் கோப்பு சரியாகத்தான் இருக்கும், திறந்த முறைதான் தவறு. ஆனால் அந்த நிலையில் சேமித்துவிடாமல் மூடிவிடுங்கள்.

7. அனுப்புவதும் காத்திருப்பதும் சரிபார்ப்பதும்

நான் மூன்றாம் முறை அனுப்பியதிலிருந்து நூல் கடையில் தெரிய 19 நாட்கள் ஆயின. வெளியீட்டு விழாவுக்கு நாள் குறிப்பவர்கள் குறைந்தது ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். வெளியான பிறகு செய்யும் மாற்றங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. என் அனுபவத்தில் நூல் குறிப்பு நான்கு நாட்களில் மாறியது. தலைப்பு மாற ஒரு வாரம் ஆனது. வாசிப்பாளர் பெயர் மாற மூன்று வாரங்கள் ஆயின. அது ஒலிக்கோப்பின் தொடக்க அறிவிப்போடு பொருந்துகிறதா என்று யாரோ ஒருவர் கேட்டுச் சரிபார்க்க வேண்டியிருந்ததே அந்தத் தாமதத்துக்குக் காரணம் என்று விநியோகஸ்தர் சொன்னார். ஆகவே அனுப்பும் நாளில் எதையாவது ஒருமுறை கூடுதலாகப் பார்க்க நேரம் இருந்தால், வாசிப்பாளர் பெயரைப் பாருங்கள்.

நூல் கடையில் வந்ததும் உங்கள் கணக்கு இல்லாத வேறொருவரின் கைபேசியை வாங்கி மூன்று விதமாகத் தேடுங்கள்: தலைப்பைத் தமிழில் தட்டி, ஆங்கில எழுத்தில் தட்டி, வாயால் சொல்லி. பிறகு வாசிப்பாளரின் பெயரைத் தொட்டு, அவருடைய மற்ற நூல்களோடு உங்கள் நூலும் அதே பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். மாதிரி ஒலியை இயக்கி, அது தொடக்க அறிவிப்பிலேயே தீர்ந்துவிடாமல் ஒரு கதையின் நடுவிலிருந்து ஒலிக்கிறதா என்று கேளுங்கள். முடிந்தால் நின்றிருக்கும் காரில் இணைத்துத் திரையையும் பாருங்கள். இந்தத் திரைகளையெல்லாம் படம் பிடித்து வாசிப்பாளருக்கு அனுப்புங்கள். மீனாட்சி என்று நான் இங்கே அழைக்கும் அவர்தான், எங்கள் முதல் பதிவில் தம் பெயருக்குப் பதிலாகக் கூடத்தின் பெயர் இருப்பதை வெளியாகி ஒன்பதாம் நாள் பார்த்துச் சொன்னார். நான் முதல் நாளே அந்தப் படத்தை அனுப்பியிருந்தால், அவருடைய குரல் அத்தனை நாட்கள் வேறொரு பெயரில் ஒலித்திருக்காது.